ஆப்பை அழித்தாலும் வாரா வாரம் காசு போகிறதே, ஏன்?

கேள்வி: வணக்கம் அண்ணே. நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். தம்பியின் பிடிபிடிஎன் பாரங்களை ஸ்கேன் செய்து அனுப்ப, அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் இலவச பிடிஎஃப் ஆப் ஒன்று இறக்கினோம். அதிலிருந்து புதன்கிழமை தவறாமல் அம்மாவின் டெபிட் கார்டில் 27.90 வெள்ளி வெட்டுகிறது, இதுவரை ஒன்பது தடவை. ஆப்பை அழித்துவிட்டோம், போன புதனும் வெட்டியது. கார்டையே ரத்து செய்துவிடலாமா?

பதில்: கார்டை இப்போதைக்கு விடுங்கள் தம்பி. அம்மாவுக்குச் சம்பளம் ஏறுவது அந்தக் கணக்கில்தான் என்றால், கார்டை மாற்றப்போய் உங்களுக்குத்தான் அலைச்சல். வாரா வாரம் வெட்டுவது அந்த ஆப்பின் சந்தா, அதுவும் கார்டை ரத்து செய்வதால் ஒழுங்காக முடியாது. பணம் எடுக்க முடியாத வாரத்தில் கூகுள் மறுபடி மறுபடி முயன்று பார்க்கும், அம்மாவின் கூகுள் கணக்கில் டாப்-அப் காசோ இவாலட்டோ கட்டணத்துக்குச் சேர்த்து வைத்திருந்தால் அந்தப் பக்கம் போகவும் வாய்ப்பு உண்டு.

ஆப்பை அழித்தது ஏன் பலிக்கவில்லை என்றால், சந்தா அந்த ஆப்புக்குள் இல்லை. அது அம்மாவின் கூகுள் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. போனில் ஆப் இருக்கிறதா, யாராவது திறந்தார்களா என்பதெல்லாம் அதற்குத் தேவையே இல்லை. போனையே மாற்றினாலும் அதே ஜிமெயில் இருக்கிற வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது இது. பிளே ஸ்டோரைத் திறந்து வலப்பக்க மேல் மூலையில் இருக்கும் வட்டப் படத்தைத் தட்டி, Payments & subscriptions போய், அதற்குள் Subscriptions திறங்கள். அந்த ஆப்பின் பெயரைத் தட்டினால் கீழே Cancel subscription இருக்கும். அதைத் தட்டியவுடன் முடிந்துவிட்டது என்று பலர் போனை வைத்துவிடுகிறார்கள், ஆனால் அப்புறம்தான் ஏன் நிறுத்துகிறீர்கள் என்று ஒரு கேள்வி வரும், சில ஆப்களில் நிறுத்த வேண்டாம், கொஞ்ச நாள் Pause செய்யுங்கள் என்றும் கேட்கும், அதையெல்லாம் தாண்டி மறுபடியும் ஒரு Cancel subscription வரும், அதையும் தட்டினால்தான் நிற்கும். நின்றதற்கு அடையாளம், அந்தப் பெயருக்குக் கீழே சந்தா ரத்தாகிவிட்டது, இன்ன தேதியோடு முடிகிறது என்று மாறியிருப்பது. ஜிமெயிலுக்கும் ஒரு கடிதம் வரும். இரண்டும் இல்லையென்றால் இன்னும் நிற்கவில்லை.

அந்தப் பட்டியல் காலியாக இருந்தால் பதறாதீர்கள். தோட்டத்துப் பக்கம் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான்: போன் வாங்கிய அன்று கடைக்காரரோ பிள்ளைகளோ ஒரு ஜிமெயிலைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள், அப்புறம் வேறு எதற்கோ இன்னொன்று சேர்ந்திருக்கும். சந்தா ஒன்றில் இருக்கும், நாம் தேடுவது மற்றொன்றில். அதே வட்டப் படத்தைத் தட்டிக் கணக்கை மாற்றி ஒவ்வொன்றிலும் பாருங்கள். இன்னும் சுலபமான வழி, ஒவ்வொரு ஜிமெயிலிலும் GPA என்று தேடுவது. கூகுள் பிளே ரசீது எண்கள் இந்த மூன்று எழுத்தில்தான் தொடங்கும். ரசீது எந்தக் கணக்குக்கு வந்திருக்கிறதோ, சந்தா அங்கேதான் இருக்கிறது. பேங்க் அறிக்கையில் GOOGLE என்ற பெயரோடு வெட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு APPLE.COM/BILL என்று வரும், அவர்கள் Settings திறந்து மேலே தங்கள் பெயரைத் தட்டினால் Subscriptions இருக்கும்.

போன காசைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வாரத்துக்கு 251.10 வெள்ளி போயிருக்கிறது, முழுவதும் திரும்ப வரும் என்று எண்ண வேண்டாம். வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கேட்டால் கூகுளிடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், அதைத் தாண்டினால் ஆப் செய்தவரிடம் கேட்கச் சொல்வார்கள். ஆனாலும் கேளுங்கள். play.google.com-இல் அதே கணக்கில் நுழைந்து, Order history-யில் கடைசியாக வெட்டியதைத் தேர்ந்து Report a problem தட்டி, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். இலவசம் என்று நினைத்து இறக்கினோம், வாரக் கட்டணம் கண்ணில் படவில்லை, ஆப்பை அழித்த பிறகும் வெட்டுகிறது என்றால் போதும். யாரோ கார்டைத் திருடிவிட்டார்கள் என்று மட்டும் எழுதாதீர்கள், அது உண்மையும் இல்லை, கணக்கு முடங்கினால் அம்மாவின் படங்களும் தொடர்பு எண்களும் மாட்டிக்கொள்ளும். மற்ற எட்டு வாரத்துக்கு, பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தில் App support என்று இருக்கும் இடத்தில் மின்னஞ்சல் இருக்கும், அதற்கு ஒவ்வொரு GPA எண்ணையும் போட்டு எழுதுங்கள். பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் யாராவது வந்து கார்டு எண் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

வாரம் 27.90 என்றால் ஒரு டாப்-அப் போடுகிற காசு மாதிரி தெரிகிறது. வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 1,450.80 வெள்ளி. இங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளிதான். மாதம் 120 வெள்ளி என்று எழுதியிருந்தால் அம்மா அப்போதே போனைக் கீழே வைத்திருப்பார், அதனால்தான் வாரமாக உடைத்துப் போடுகிறார்கள். இதில் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

இனிமேல் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆப்பைத் திறந்ததும் முதல் திரையைக் கவனியுங்கள். பெரிய Continue பட்டன் பளிச்சென்று இருக்கும், அதற்கு மேலேயோ கீழேயோ மங்கலான சாம்பல் எழுத்தில் மூன்று நாள் இலவசம், பிறகு வாரம் இவ்வளவு என்று இருக்கும். மூடுவதற்கான பெருக்கல் குறி மூலையில் வெளிறிப்போய், சில விநாடி கழித்துத்தான் வரும். அந்த Continue-ஐத் தட்டினால் கூகுள் பிளேயின் சொந்தப் பெட்டி கீழிருந்து எழும்பும், அதில் எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு வெட்டும் என்று தெளிவாக எழுதி Subscribe என்று இருக்கும். காசு விஷயம் உறுதியாவது அந்தப் பெட்டியில்தான். அது வந்தால் ஆப் இலவசமில்லை, அங்கேயே பின்னால் வந்துவிடுங்கள். ஆசைப்பட்டுத் தட்டிவிட்டாலும் உடனே ரத்து செய்யலாம், பெரும்பாலும் அந்த மூன்று நாளும் பயன்படுத்த விடுவார்கள். நட்சத்திரங்களை நம்பாதீர்கள், ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள், காசு வெட்டிய கதை இருந்தால் அங்கேதான் இருக்கும்.

அம்மாவின் போனுக்கு நான் சொல்வது, Payment methods போய்க் கார்டையே எடுத்துவிடுங்கள். முதலில் சந்தாவை ரத்து செய்துவிட்டு இதைச் செய்ய வேண்டும், வரிசை முக்கியம். காசு எடுக்க வழி இல்லாத கணக்கில் பொதுவாக இலவசச் சோதனையே தொடங்காது. ஸ்கேன் செய்ய வேண்டுமானால் போனில் ஏற்கெனவே இருக்கும் கூகுள் டிரைவைத் திறந்து கேமரா படத்தைத் தட்டினால் போதும், பிடிஎஃப் ஆகவே சேமிக்கும், காசு கேட்காது.

எல்லாம் முடிந்ததும் அடுத்த இரண்டு புதன்கிழமையும் பேங்க் ஆப்பில் பாருங்கள். அப்படியும் வெட்டியிருந்தால், வேறொரு ஜிமெயிலில் இரண்டாவது சந்தா ஓடுகிறது என்று அர்த்தம். புது ரசீதின் GPA எண் எந்தக் கணக்குக்கு வந்தது என்று பார்த்து, அதே படிகளை அங்கே செய்யுங்கள்.