இருட்டறையில் எடுத்த வீடியோ: முதலில் டீநாய்ஸ், அப்புறம்தான் கர்வ்ஸ்

ஒரே ஒரு மேஜை விளக்கு வெளிச்சத்தில் பாட்டி பேசுவதை போனில் எடுத்தேன். முகம் தெரியவில்லையே என்று பிரைட்னஸை ஏற்றினால் படம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் ஆகிறது, புள்ளிகள் வேறு நெளிகின்றன. ஏன்?

பிரைட்னஸ் ஸ்லைடர் பல ஆப்களில் எல்லா இடத்துக்கும் ஒரே அளவைக் கூட்டிவிடும். கறுப்பும் சேர்ந்து மேலேறுவதால்தான் அந்தச் சாம்பல். எந்த வெளிச்ச அளவை எவ்வளவு மாற்றுவது என்று ஒரு கோட்டை வளைத்துச் சொல்லும் கருவியான கர்வ்ஸில் அப்படி இல்லை. கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் அப்படியே பிடித்துக்கொண்டு, நடுவில் வேண்டிய இடத்தை மட்டும் தூக்கலாம்.

உங்கள் காட்சியில் பாட்டியின் முகம் 0 முதல் 255 வரையிலான அளவில் 30 அருகே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 80க்குக் கொண்டுவந்தால் முகம் தெளிவாகத் தெரியும், விளக்கும் வெளுத்துப் போகாது. ஆனால் அந்த இடத்தில் கர்வ் ஏறத்தாழ இரண்டரை மடங்கு செங்குத்தாகிறது. கன்னச் சுருக்கத்துக்கும் கன்னத்துக்கும் இடையிலான வேறுபாடு இரண்டரை மடங்கு விரியும். இருட்டில் புள்ளிகள் தாறுமாறாக ஆடும் நாய்ஸும் அதே அளவு விரியும். முன்பு 3 அளவு ஆடிக்கொண்டிருந்த புள்ளி இப்போது 7, 8 என்று ஆடும். நீங்கள் பார்த்த நெளிவு அதுதான்.

அப்படியானால் கர்வ்ஸ் போட்ட பிறகு நாய்ஸைத் தேய்த்து நீக்கும் டீநாய்ஸ் செய்தால் போதாதா?

போதாது. கர்வ்ஸ் முதலில் வந்தால் நாய்ஸும் விரிந்துவிடும், அதைத் தேய்க்கும்போது முகத்தின் விவரமும் சேர்ந்து தேயும். அதனால் இந்த வரிசையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெரும்பாலான போன் வீடியோ 8 பிட், அதாவது வெளிச்சத்தை 0 முதல் 255 வரை முழு எண்களாக மட்டுமே எழுதும். 30க்கும் 31க்கும் நடுவே எதுவும் கிடையாது. ஆனால் அசையாத ஒரு புள்ளியை அடுத்தடுத்த ஆறு ஃப்ரேம்களில் பாருங்கள்: 30, 31, 30, 30, 31, 30. சராசரி 30.33. கேமராவால் எழுத முடியாமல் போன இடைப்பட்ட நிறம் அந்தச் சராசரியில் ஒளிந்திருக்கிறது. நாய்ஸும் சராசரியில் கரையும்: 4 ஃப்ரேம் என்றால் பாதி, 9 என்றால் மூன்றில் ஒரு பங்கு. போன் ஏற்கெனவே ஒருமுறை நாய்ஸைத் தேய்த்துச் சுருக்கி வைத்திருப்பதால் நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் கணிசமாகக் குறையும். அந்த .33 காணாமல் போகாதிருக்க, இன்னும் நுணுக்கமாக எழுதும் 10 பிட்டுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

கட்டளை வரியில் இயங்கும் இலவச வீடியோ கருவியான எஃப்எஃப்எம்பெக்கில் நான் தொடங்கும் இடம் இது:

```
ffmpeg -i in.mp4 -vf "format=yuv420p10le,hqdn3d=2:3:6:9,format=gbrp10le,curves=master='0/0 0.12/0.32 0.5/0.68 1/1',format=yuv420p" -c:v libx264 -crf 16 -c:a copy out.mp4
```

இதில் டீநாய்ஸ் செய்வது hqdn3d. அதன் முதல் இரண்டு எண்கள் ஒரே ஃப்ரேமுக்குள் தேய்ப்பவை, அடுத்த இரண்டும் ஃப்ரேம்களுக்கு இடையே தேய்ப்பவை. ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது வெளிச்சத்துக்கு, இரண்டாவது நிறத்துக்கு. நிறத்துக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். இருட்டில் சிவப்பும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக வருவது நிற நாய்ஸ்தான். அதை அழுத்தித் தேய்த்தாலும் கண் பெரிதாகக் கண்டுகொள்ளாது. கர்வ்ஸில் 0.12/0.32 என்பதுதான் மேலே சொன்ன 30-ஐ 80 அருகே தூக்கும் புள்ளி.

டீநாய்ஸ் போட்டதும் முகம் மெழுகு பொம்மைபோல் ஆகிவிட்டது. கையசைத்தால் பின்னால் நிழல் இழுக்கிறது.

இரண்டும் வேறு வேறு கோளாறு. மெழுகுபோல் ஆனால் முதல் எண்ணைக் குறையுங்கள், நிழல் இழுத்தால் மூன்றாவதையும் நான்காவதையும். அசையும் கை இருக்கும் ஃப்ரேமில் நிறுத்திப் பார்த்தால்தான் நிழல் பிடிபடும்.

எவ்வளவு குறைப்பது என்பதற்கு நம்பகமான ஒரு சோதனை உண்டு. எடிட்டரில் மூல வீடியோவையும் டீநாய்ஸ் மட்டும் செய்ததையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலடுக்கை டிஃபரன்ஸ் மோடுக்கு மாற்றுங்கள். கழிந்துபோனது மட்டும் திரையில் தெரியும். வெறும் மணல்போல் இருந்தால் சரி. புருவக் கோடோ, சேலைக் கரையோ அதில் தெரிந்தால் நாய்ஸோடு விவரத்தையும் தூக்கி எறிந்திருக்கிறீர்கள்.

பின்னால் உள்ள சுவரில் பட்டை பட்டையாகக் கோடுகள், சில இடங்களில் சதுரங்கள்.

பட்டை வருவது, குறைந்த அளவுகளை அதிகமாக இழுத்ததால். கர்வை ஒரு படி இறக்குங்கள். அப்புறம் கடைசி `format=yuv420p`-க்குப் பின்னால் `,noise=c0s=4:c0f=t` சேர்த்தால் மெல்லிய மணல் தூவியதுபோல் பட்டைகள் மறையும். நீக்கிய நாய்ஸை மறுபடி சேர்ப்பதா என்று தோன்றும். இது சீரான, நிறமில்லாத நாய்ஸ் என்பதால் கண்ணை உறுத்தாது. சதுரங்கள் போன் கோப்பைச் சுருக்கியபோது விழுந்தவை. அங்கே இருந்த விவரம் பதிவாகவே இல்லை.

கண்குழி முழுக்கக் கறுப்பு. கண்ணை மீட்க முடியுமா?

ஒரே ஒரு ஃப்ரேமில் கர்வை அளவுக்கு மீறித் தூக்கிப் பாருங்கள். இமையோ விழியோ மங்கலாகவாவது தெரிந்தால், டீநாய்ஸ் செய்து ஓரளவு மீட்கலாம். சாம்பல் திட்டாக மட்டும் வந்தால் அங்கே கண் இல்லை. அந்த இடத்தைக் கறுப்பாகவே விட்டுவிடுங்கள், தூக்கப்பட்ட சாம்பல் திட்டைவிட இயல்பான நிழல் பாட்டியின் முகத்துக்கு அழகாக இருக்கும்.