ஒரே முகத்தை வைட் லென்ஸில் எடுத்தால் ஒரு உணர்வு, டெலியில் எடுத்தால் வேறு உணர்வு வருகிறதே, ஏன்? குறும்படத்தில் குளோஸ்-அப்புக்கு எதைப் போடுவது?

முகத்தை மாற்றுவது லென்ஸ் அல்ல, தூரம். சந்தேகம் இருந்தால் ஒரே இடத்தில் நின்று 24 மி.மீ. வைட் லென்ஸிலும் 85 மி.மீ. டெலி லென்ஸிலும் ஒவ்வொரு படம் எடுங்கள். 24-இல் எடுத்ததை 85-இன் அளவுக்கு வெட்டிப் பாருங்கள். மூக்கு, காது, பின்னால் இருக்கும் சுவர் எல்லாம் அதே விகிதத்தில்தான் இருக்கும். ஆனால் முகம் ஃப்ரேமில் ஒரே அளவு தெரிய வேண்டும் என்றால், வைட் நம்மை ஆளின் மூச்சுப் படும் இடத்துக்குத் தள்ளும், டெலி அறையின் மறுகோடிக்கு அனுப்பும். பார்ப்பவர் உணர்வது அந்த இடத்தைத்தான்.

ஃபுல் ஃப்ரேம் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, தலையும் தோளும் அடங்கும்படி எடுக்கிறோம் என்று வையுங்கள். 24 மி.மீ.க்குச் சுமார் 40 செ.மீ. தூரத்தில் நிற்க வேண்டும். 85-க்கு 1.35 மீட்டர், 200-க்கு 3.2 மீட்டர். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறக்குறைய 12 செ.மீ. ஆழம் இருக்கிறது. 40 செ.மீ.யில் அந்த 12 பெரிய வித்தியாசம்: காதோடு ஒப்பிட்டால் மூக்கு 30 சதவீதம் பெரிதாகத் தெரியும், காதுகள் கன்னத்துக்குப் பின்னால் ஒதுங்கும். 1.35 மீட்டரில் அது 9 சதவீதம். 3.2 மீட்டரில் 4 சதவீதம்கூட இல்லை. அதனால்தான் 200-இல் முகம் தட்டையாகவும், சற்று அகலமாகவும் தெரிகிறது.

இந்த வடிவ மாற்றத்தை நம் மனம் கவனிக்கிறது. 2012-இல் வெளிவந்த கால்டெக் ஆய்வு ஒன்றில், ஒரே ஆளை 45 செ.மீ.யிலிருந்தும் 135 செ.மீ.யிலிருந்தும் எடுத்து, முகத்தை ஒரே அளவாக்கிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் கிட்ட இருந்து எடுத்த முகத்தின் மேல் குறைந்த நம்பிக்கை வைத்தார்கள். அதற்காக வைட் குளோஸ்-அப் என்றாலே மிரட்டலோ கேலியோ என்று ஒதுக்கிவிடாதீர்கள். ‘தி ரெவனன்ட்’ படத்தில் நடிகரின் மூச்சுக்காற்று லென்ஸ் கண்ணாடியில் பனியாகப் படியும் அளவுக்கு ஒளிப்பதிவாளர் எம்மானுவேல் லூபெஸ்கி வைட் லென்ஸைக் கிட்டே கொண்டுபோயிருப்பார். அங்கே அந்த மனிதனின் வலி நம் உடம்பிலேயே ஏறுகிறது.

எனக்கு மூக்கை விட முக்கியமாகப் படுவது அசைவு. 40 செ.மீ.யில் இருப்பவர் 10 செ.மீ. முன்னால் சாய்ந்தால் முகம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிடும். சின்ன அசைவே நம்மை நோக்கிப் பாய்வதுபோல இருக்கும். 3.2 மீட்டரில் அதே சாய்வு 3 சதவீதம்தான், கண்ணுக்கே தெரியாது. ஒருவர் நகர்ந்தும் எங்கும் போய்ச்சேராத தவிப்பு வேண்டுமென்றால் டெலி அதைத் தானாகவே தரும்.

சரி, ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். சமையலறையில் ஒரு பெண் அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். மூன்று மீட்டர் பின்னால், வாசற்படியில் மாமியார். 24-இல் எடுத்தால் மாமியார் அவளில் எட்டில் ஒரு பங்கு உயரத்துக்குச் சுருங்கிவிடுவார், நடுவே சமையலறை முழுக்கத் திறந்துகொள்ளும். நாம் அவளோடு தனியாக நிற்கிறோம், மற்றவர்கள் எங்கோ இருக்கிறார்கள். 200-இல் மாமியார் அவளில் பாதி அளவு இருப்பார், தோளுக்கு மேலேயே வந்து நிற்பதுபோல இருக்கும். அவளுக்கு மூச்சு முட்டுகிறது, நாமோ தூரத்திலிருந்து பார்க்கிறோம், உதவ முடியவில்லை. இந்தக் காட்சிக்கு நான் 200-ஐத்தான் எடுப்பேன். ஆனால் f/2.8-இல் மாமியார் வெறும் நிழலாகக் கரைந்துபோவார். அப்பெர்ச்சரை f/11 வரை மூட வேண்டும், அதற்கேற்ற வெளிச்சம் வேண்டும். அப்போதும் அவர் முகம் கூர்மையாக வராது, இன்னார் என்று தெரியும், அவ்வளவுதான். அப்புறம், சின்ன சமையலறையில் 3.2 மீட்டர் பின்வாங்க இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று எடுக்கவும் நேரலாம்.

அவள் பக்கம் நிற்கும் காட்சி என்றால் வைட். அதில் இரண்டு தொல்லைகள் உண்டு. கேமரா 40 செ.மீ.யில் இருந்தால் நடிப்புப் பழகாதவர்கள் இறுகிவிடுவார்கள். தாடை அசையாமல் நிற்பதில் அது தெரிந்துவிடும். அப்போது 35 மி.மீ. போட்டு 55 செ.மீ.க்குத் தள்ளி நில்லுங்கள், நெருக்கம் பெரிதாகக் குறையாது. இன்னொன்று, வைட் ஃப்ரேமின் ஓரத்துக்கு முகம் போனால் தலை பக்கவாட்டில் இழுபடும். இதற்குக் காரணம் அருகாமை அல்ல, முகம் ஓரத்தில் இருப்பதுதான். குழுப்படங்களில் கடைசியில் நிற்பவரின் தலை அகலமாவது இதனால்தான். முகத்தை நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். தலை சரியாகிவிட்டால் கோளாறு ஓரத்தால் வந்தது. மூக்கு அப்படியே துருத்திக்கொண்டிருந்தால் தூரத்தால் வந்தது, நீங்கள் பின்வாங்கித்தான் ஆக வேண்டும்.