ஒரே கேமை இரண்டு முறை வாங்க வேண்டுமா?

கேள்வி: மன்னார்குடியில் இருக்கிறோம். பெரிய மகன் தன் கணக்கில் பிஎஸ்5 கேம்கள் மூன்று டவுன்லோடாக வாங்கி வைத்திருந்தான். ஒவ்வொன்றும் ஐயாயிரம் ரூபாய்க்குக் கிட்ட. சின்னவனும் தன் புரொஃபைலில் அவற்றை விளையாடிக்கொண்டிருந்தான். பெரியவன் வேலை கிடைத்துத் திருச்சிக்குப் போய், அங்கே தனக்கு இன்னொரு பிஎஸ்5 வாங்கிக்கொண்டான். அதிலிருந்து வீட்டில் சின்னவனுக்கு மூன்று கேமிலும் பூட்டுப் படம் தெரிகிறது. மறுபடி வாங்கித் தரச் சொல்கிறான். குறுவை நெல் பணம் வந்திருக்கிறது, அதிலிருந்து 15,000 ரூபாய் எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டு கன்சோலில் பெரியவரின் புரொஃபைலில் இணையத்தோடு நுழைந்தால் கேம் திறக்கிறது, சின்னவர் புரொஃபைலில் மட்டும் பூட்டு விழுகிறது என்றால், கேமும் பத்திரமாக இருக்கிறது, பணமும் பத்திரமாக இருக்கிறது. மாறியிருப்பது ஒரே ஒரு செட்டிங்.

டவுன்லோடாக வாங்கும் கேம் வீட்டுக்குச் சொந்தமாவதில்லை, வாங்கிய கணக்குக்கே சொந்தம். அந்தக் கணக்குக்காரர் எந்த பிஎஸ்5-இல் நுழைந்தாலும் இணையம் இருந்தால் விளையாடலாம். இது தவிர, அவர் ஏதாவது ஒரு பிஎஸ்5-ஐத் தன் முதன்மை கன்சோலாக வைத்துக்கொள்ளலாம். அந்த ஒன்றில் மட்டும் மற்ற எல்லா புரொஃபைல்களும் அவர் வாங்கியதை விளையாடலாம், இணையம் இல்லாவிட்டாலும் ஓடும். பிஎஸ்4-இல் Primary PS4 என்று இருந்ததுதான் பிஎஸ்5-இல் Console Sharing and Offline Play என்ற பெயரில் இருக்கிறது. ஒரு கணக்குக்கு ஒரு நேரத்தில் ஒரு பிஎஸ்5-இல்தான் இது இயங்கும். புது கன்சோலில் முதலில் நுழையும்போது இதை இயக்கட்டுமா என்று திரையில் கேட்கும். பெரியவர் திருச்சியில் அதற்குச் சம்மதித்திருப்பார், மன்னார்குடி வீட்டின் உரிமை அங்கே போய்விட்டது.

அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது சரிசெய்துவிடலாம். கிளம்புமுன் திருச்சி கன்சோலில் Settings > Users and Accounts > Other > Console Sharing and Offline Play என்று போய் அதை நிறுத்திவிடட்டும். பிறகு வீட்டு கன்சோலில் தன் புரொஃபைலில் நுழைந்து அதே இடத்தில் Enable கொடுக்கட்டும். அதற்கப்புறமும் பூட்டு போகாவிட்டால், அதே Other பகுதியில் இருக்கும் Restore Licenses-ஐ ஒருமுறை அழுத்தினால் போதும்.

இனி பெரியவர் திருச்சியில் தன் கணக்கில் விளையாடுவார், சின்னவர் வீட்டில் தன் புரொஃபைலில் விளையாடுவார். ஒரே கேமை இருவரும் ஒரே நேரத்தில்கூட விளையாடலாம். சின்னவர் அண்ணன் புரொஃபைலில் நுழைந்து விளையாடக் கூடாது, அவ்வளவுதான். பெரியவருக்கு ஒரு இழப்பு உண்டு. திருச்சியில் நெட் போய்விட்டால் அவருக்கு இந்த கேம்கள் திறக்காது. மழைக்காலத்தில் உங்கள் பக்கம் நெட் அடிக்கடி போகும் என்றால், உரிமை வீட்டு கன்சோலில் இருப்பதே நல்லது.

அடுத்த கேமை யார் கணக்கில் வாங்குவது என்பதைத்தான் நீங்கள் யோசித்துச் செய்ய வேண்டும். ஒரு கணக்கில் வாங்கியதை இன்னொரு கணக்குக்கு மாற்ற வழியே இல்லை. எல்லாவற்றையும் பெரியவர் கணக்கிலேயே வாங்கிக்கொண்டே போனால், நாளைக்கு அவர் தனிக்குடித்தனம் போய் உரிமையைத் தன் வீட்டுக்கு மாற்றும்போது சின்னவரிடம் ஒன்றும் மிஞ்சாது. உங்கள் கணக்கில் வாங்கினாலும் சரிவராது. வீட்டில் சின்னவர் விளையாடுவார், திருச்சியில் பெரியவர் உங்கள் புரொஃபைலில் நுழைந்தால்தான் விளையாட முடியும்.

நான் சொல்வது இது: அண்ணன் கணக்கின் உரிமை மன்னார்குடி கன்சோலில் இருக்கட்டும், தம்பி கணக்கின் உரிமை திருச்சி கன்சோலில் இருக்கட்டும். அதற்குத் தம்பியின் புரொஃபைலைத் திருச்சி கன்சோலில் சேர்த்து, அவர் கணக்கில் இந்த செட்டிங்கை அங்கே இயக்க வேண்டும். பிறகு யார் வாங்கினாலும் இருவருக்கும் கிடைக்கும், ஒரு கேமுக்கு ஒரு விலைதான். மாறிமாறி வாங்கினால் இருவர் பெயரிலும் சொத்து சேரும். நெட் இல்லாதபோது அண்ணன் வாங்கியதைத் தம்பியும், தம்பி வாங்கியதை அண்ணனும் மட்டுமே விளையாட முடியும் என்பதை இருவருக்கும் சொல்லிவிடுங்கள்.

கேமுக்குள் வாங்கும் காயின், பாயின்ட் போன்றவை இப்படிப் பகிரப்படாது, வாங்கிய கணக்கோடு நின்றுவிடும். அதற்குச் சின்னவர் பணம் கேட்டால் அது தனிச் செலவு, தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். இரண்டு கன்சோலிலும் இருவர் புரொஃபைலும் இருக்கப்போவதால், வாங்கும்போது பாஸ்வேர்டு கேட்கும்படி இருவர் கணக்கிலும் வைத்துவிடுங்கள். கார்டு விவரம் ஏதாவது ஒரு கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால் இதை இன்றைக்கே செய்யுங்கள்.