வேலூரிலிருந்து ஆரணிக்கு 1,853 கிலோமீட்டரா?

கேள்வி: வேலூரில் மொத்த வியாபாரம் செய்கிறோம். சரக்கு எடுக்கும் கடைகளின் கோஆர்டினேட் எல்லாம் எக்செல்லில் இருக்கிறது. கோட்டையை மையமாக வைத்து ஒவ்வொரு கடைக்கும் நேர்கோட்டுத் தூரம் எடுக்க ஹேவர்சைன் சூத்திரம் போட்டேன். கோட்டை 12.9208, 79.1283, ஆரணி 12.67, 79.28. விடை 1,853 கி.மீ. வருகிறது. எங்கே தப்பு? சரிசெய்தால் வரும் தூரத்தை எவ்வளவு நம்பலாம்?

பதில்: உங்கள் சூத்திரத்தில் அநேகமாக எதுவும் விடுபடவில்லை. டிகிரியை ரேடியனாக மாற்றாமல் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். நீங்கள் தந்த இதே எண்களை மாற்றாமல் போட்டால் சரியாக 1,853தான் வருகிறது.

எக்செல்லின் SIN, COS இரண்டும் கோணத்தை ரேடியனில்தான் எதிர்பார்க்கும். இரண்டு ஊர்களுக்கும் அட்சரேகை வித்தியாசம் 0.2508 டிகிரி. அதை அப்படியே கொடுத்தால் 0.2508 ரேடியன், அதாவது 14.37 டிகிரி என்று எக்செல் எடுத்துக்கொள்கிறது. ஒரு ரேடியன் 57.3 டிகிரி என்பதால் தூரமும் ஏறக்குறைய அத்தனை மடங்கு ஊதிவிடுகிறது. அப்படியானால் வந்த விடையை 57.3-ஆல் வகுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். வேலூர்ப் பக்கம் அது கிட்டத்தட்டச் சரியாக வருவது தற்செயல்: நம் அட்சரேகை 12.9, 4π-யின் மதிப்பான 12.57-க்குப் பக்கத்தில் இருப்பதால் COS தப்பாகக் கணக்கிட்டும் 1-ஐ ஒட்டிய எண்ணைத் தருகிறது. நாகர்கோவில் கடை ஒன்று பட்டியலில் சேர்ந்தால் இந்தக் குறுக்குவழி கவிழ்ந்துவிடும்.

கடைப் பெயர் A-யில், கோட்டையின் அட்சரேகை B-யில், தீர்க்கரேகை C-யில், கடையின் அட்சரேகை D-யில், தீர்க்கரேகை E-யில் இருப்பதாக வைத்துக்கொண்டு இதைப் போடுங்கள்:

```
=2*6371*ASIN(SQRT(SIN(RADIANS(D2-B2)/2)^2
 +COS(RADIANS(B2))*COS(RADIANS(D2))
 *SIN(RADIANS(E2-C2)/2)^2))
```

6371 என்பது கிலோமீட்டரில் பூமியின் சராசரி ஆரம். இனி ஆரணிக் கணக்கைப் படிப்படியாகப் பாருங்கள். அட்சரேகை வித்தியாசம் 0.2508 டிகிரி, ரேடியனில் 0.004377. அதில் பாதியின் சைனை வர்க்கம் செய்தால் 0.00000479. தீர்க்கரேகை வித்தியாசம் 0.1517 டிகிரி, ரேடியனில் 0.002648, பாதியின் சைன் வர்க்கம் 0.00000175. இதை இரண்டு ஊர்களின் அட்சரேகைக் கொசைன்களால், அதாவது 0.9747, 0.9756 இரண்டாலும் பெருக்கினால் 0.00000167. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குவதைக் கணக்கில் கொண்டுவருவது இந்தப் பெருக்கல்தான். இரண்டையும் கூட்டினால் 0.00000646, வர்க்கமூலம் 0.002541, ஆர்க்சைன் எடுத்து இரண்டால் பெருக்கினால் 0.005082. அதை 6371-ஆல் பெருக்க, 32.38 கி.மீ.

இந்த விடை சரியா என்று சூத்திரம் இல்லாமலே பார்த்துவிடலாம். வேலூர் வட்டாரத்தில் ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 110.6 கி.மீ., ஒரு டிகிரி தீர்க்கரேகை சுமார் 108.5 கி.மீ. ஆகவே ஆரணி தெற்கே 27.7, கிழக்கே 16.5 கி.மீ. தள்ளி இருக்கிறது. பித்தாகரஸ் போட்டால் 32-ஐச் சொச்சம். பட்டியலில் நான்கைந்து கடைகளுக்காவது இப்படிக் கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். ஏனென்றால் 1,853 மாதிரி கண்ணை உறுத்தும் தப்பு ஆபத்தில்லாதது. நம்பும்படியாக வரும் தப்புதான் பட்டியலிலேயே தங்கிவிடும்.

அப்படி நம்ப வைக்கும் தப்பு, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறுவது. உங்கள் எண்களை மாற்றிப் போட்டால் 17.66 கி.மீ. வருகிறது. பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. கூகுள் மேப்ஸில் காப்பி செய்தால் அட்சரேகை முதலில் வரும். ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில். இரண்டு இடத்திலிருந்தும் எடுத்துச் சேர்த்த பட்டியலில் இது சாதாரணமாக நடக்கும். தமிழ்நாட்டுக்குள் அட்சரேகை 8-க்கும் 14-க்கும் நடுவில், தீர்க்கரேகை 76-க்கும் 81-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். அட்சரேகைப் பத்தியில் 20-க்கு மேல் எது வந்தாலும் சிவப்பாகும்படி நிபந்தனை வண்ணம் கொடுத்துவிடுங்கள், போதும்.

கொசைன்கள் விட்டுப்போனால் இன்னும் நைசாகத் தப்பும்: 32.38-க்குப் பதில் 32.59. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் 200 மீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஆற்காடு மாதிரி வேலூருக்கு நேர் கிழக்கே உள்ள கடைக்கு இது இரண்டரை சதவீதத்துக்கு மேல் போகும். சிலர் ASIN-க்குப் பதில் ATAN2 உள்ள வடிவத்தை பைத்தானிலிருந்து எடுத்து எக்செல்லில் போடுவார்கள். பைத்தானில் y முதலில், எக்செல்லில் x முதலில். மாற்றாமல் போட்டால் ஆரணி 19,983 கி.மீ.க்குப் போய்விடும். மேலே உள்ள ASIN வடிவத்தில் இந்தத் தொல்லையே இல்லை.

இனி, எவ்வளவு நம்பலாம் என்பது. ஹேவர்சைன் பூமியை முழு உருண்டையாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் துருவங்களில் பூமி சற்றே தட்டை. அதனால் நிலநடுக்கோட்டுப் பக்கம் வடக்கு தெற்காக வளைவு கூடுதல். அந்தத் திசையில் பொருந்தும் ஆரம் வேலூரில் சுமார் 6,339 கி.மீ.தான். நாம் 6371 போடுவதால் நேர் தெற்கே உள்ள கடைக்குக் கிலோமீட்டருக்கு 5 மீட்டர் கூடுதலாகக் காட்டும். கிழக்கு மேற்காக இருந்தால் மாறாக, கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மீட்டர் போலக் குறையும். ஆரணிக்கு நீள்கோள வடிவத்தை வைத்துக் கணக்கிட்டால் சுமார் 32.27 கி.மீ. வரும்; ஆக 110 மீட்டர்தான் மிகை. கடைகளைத் தூரவாரியாகப் பிரிக்க இது தாராளம். நிலம் அளக்க மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

டீசல் கணக்குக்கோ வண்டி வாடகைக்கோ இந்தத் தூரத்தை நேராக எடுக்கக்கூடாது. ஆரணிச் சாலை கணியம்பாடி, கண்ணமங்கலம் என்று முதலில் தெற்கே இறங்கி, பிறகுதான் கிழக்கே திரும்புகிறது. 32 கிலோமீட்டரில் வண்டி போய்ச் சேராது. காட்பாடிப் பக்கத்துக் கடைகளுக்கு நேர்கோடு பாலாற்றைக் குறுக்கே தாண்டிவிடும். வண்டி பாலத்தைச் சுற்றித்தான் போகவேண்டும். கிட்டத்துக் கடைகளில்தான் இந்த வித்தியாசம் விகிதத்தில் பெரிதாகத் தெரியும். ஆகவே ‘15 கி.மீ.க்குள் இருக்கும் கடைகள்’ என்று முதல் சலிப்புக்கு ஹேவர்சைனை வைத்துக்கொள்ளுங்கள். சலித்து வந்தவற்றுக்கு மட்டும் சாலைத் தூரம் எடுங்கள். சாலைத் தூரம் நேர்கோட்டைவிடக் குறைய வழியே இல்லை என்பதால், 15-க்கு வெளியே விழுந்த கடையைத் தயங்காமல் விட்டுவிடலாம். எல்லைக்கோட்டில் 14.95, 15.05 என்று நிற்பவற்றை மட்டும், மேலே சொன்ன அரை சதவீதத்துக்காக உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.