அப்பா சொல்லும் எண்

கேள்வி: நான்கு வருஷம் ஒரு பெரிய பார்சல் நிறுவனத்தில், வாடிக்கையாளர்களிடமிருந்து திரும்பி வரும் பார்சல்களைப் பார்க்கும் மையத்துக்குத் தலைவியாக இருந்தேன். மொத்தம் மூன்று மையங்கள், என்னுடையது ஒன்று. போன வருஷம் வெளியே வந்துவிட்டேன். இப்போது ஒரு கருத்தரங்கில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், சுயகுறிப்பு கேட்கிறார்கள். எண்ணிக்கை, செலவு எதையும் வெளியில் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம் இருக்கிறது. அதனால் எண் போடாமல் 'கோடிக்கணக்கான பார்சல்களைக் கையாண்டவர், கையாளும் செலவைப் பாதிக்குப் பாதி குறைத்தவர்' என்று எழுதியிருக்கிறேன். இது சரியா? இதைவிடச் சிறிதாக எழுதவும் மனம் வரவில்லை. மூன்று மையத்தின் எண்ணிக்கையையும் சேர்த்து, 'இத்தனையையும் என் மகள்தான் பார்த்தாள்' என்று அப்பா சொந்தக்காரர்களிடம் இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். குறிப்பைப் பார்த்தால் அவருக்கு வருத்தமாகிவிடும்.

பதில்: அப்பாவுக்கு அந்த எண்ணை யார் சொன்னது?

கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முழுக் கடிதமும் அந்த வரியில்தான் இருக்கிறது. மூன்று மையத்தின் கூட்டு எண்ணிக்கை நிறுவனத்துக்குள் இருக்கும் எண். அது உங்கள் அப்பாவின் வாய்க்கு வருவதற்கு உங்களைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லியிருப்பீர்கள், வீட்டில்தானே என்று. வீடும் வெளியாள்தான், அம்மா, ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை. இதில் இன்னொரு தப்பும் சேர்ந்திருக்கிறது. அது உங்கள் எண்ணே இல்லை; உங்கள் பங்கு அதில் மூன்றில் ஒன்று. ஆக, ரகசியம், மிகை இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அது என்ன என்றே தெரியாத ஒரு பெரியவரின் தலையில் ஏற்றி ஊர் சுற்ற விட்டிருக்கிறீர்கள். அவர் பேச்சைக் கேட்கும் சொந்தக்காரர்களில் யாராவது ஒருவருக்கு அதே தொழிலில் பிள்ளை இருந்தால், அன்றைக்குத் தலைகுனிவது அப்பாதான். பெற்றவர்களுக்குப் பெருமை சேர்ப்பது பிள்ளையின் கடமை என்று நானும் நினைக்கிறவன். ஆனால் அவர்கள் எந்தச் சபையிலும் திரும்பச் சொல்லக்கூடியதாக அந்தப் பெருமை இருக்க வேண்டும்.

எனக்கே இந்த அனுபவம் உண்டு. வருஷங்களுக்கு முன்னால் ஒரு கூட்டத்துக்கு என்னைப் பற்றி 'லட்சக்கணக்கான வாசகர்களின் அபிமானத்தைப் பெற்றவர்' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சகத் தொழிலில் இருந்த ஒருவர் இடைவேளையில் வந்து, "விற்ற பிரதியா, படித்தவர்களா?" என்று அடக்கமாகக் கேட்டார். ஒரு பிரதியை நாலு பேர் படிப்பார்கள் என்று பெருக்கி வந்த எண் அது. அதுவும் முழு இதழுக்கு, என் ஒரு பக்கத்துக்கு அல்ல. பக்கத்தில் என் மகன் உட்கார்ந்திருந்தான்.

சரி, உங்கள் வாசகத்துக்கு வருவோம். கடிதத்தில் எனக்கே உண்மையான எண்களை எழுதி அனுப்பிவிட்டீர்கள், ஒரு பத்திரிகைக்கு! அவற்றை அடித்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். இனி நான் சொல்லும் எண்கள் எல்லாம் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை.

உங்கள் மையத்துக்கு வருஷம் 25 லட்சம் பார்சல் வந்தது என்று வையுங்கள். நான்கு வருஷமும் கூட்டினால் ஒரு கோடி. தமிழில் 'கோடிக்கணக்கான' என்றால் பல கோடி, ஒன்று அல்ல. மூன்று மையத்தையும் சேர்த்து, நான்கு வருஷத்தையும் கூட்டினால்தான் மூன்று கோடி ஆகிறது, அப்போதுதான் அந்தச் சொல்லுக்கே பொருள் வருகிறது. ஆக நீங்கள் எழுதியது உங்கள் எண் இல்லை, அப்பாவின் எண். போதாததற்குக் காலத்தையும் சொல்லவில்லை. காலம் சொல்லாத எண்ணைப் படிக்கிறவர் வருஷக் கணக்காகவோ மாதக் கணக்காகவோதான் எடுத்துக்கொள்வார், நான்கு வருஷக் கூட்டலாக யாரும் நினைக்க மாட்டார்கள். 'எண் போடவில்லை' என்கிறீர்கள். இலக்கத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான். 'பாதிக்குப் பாதி' என்பதும் ஐம்பது சதவீதம்தான்.

சரியான எண்ணையே ஆனாலும் போடக்கூடாது என்பது ஏன் என்று பாருங்கள். மொத்தம் எத்தனை பார்சல் அனுப்பினோம் என்பதை உங்கள் நிறுவனமே ஆண்டறிக்கையில் போட்டிருக்கிறது, 10 கோடி என்று வைத்துக்கொள்வோம். மூன்று மையங்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் '25 லட்சம்' என்று எழுதினால் போட்டி நிறுவனத்தில் இருப்பவர் மூன்றால் பெருக்கி, பத்துக் கோடியால் வகுத்து, நூற்றுக்கு ஏழரை பார்சல் திரும்பி வருகிறது என்று ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். நிறுவனம் மறைக்க நினைப்பதே அந்த விகிதத்தைத்தான். பார்சல் எண்ணிக்கை அதற்கு ஒரு கதவு.

'20 முதல் 30 லட்சம்' என்று இடைவெளி விட்டு எழுதினால் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: நூற்றுக்கு ஆறு முதல் ஒன்பது. போட்டிக்காரருக்கு இதுவே போதும். 'பத்து லட்சத்துக்கு மேல்' என்றால்? நூற்றுக்கு மூன்றுக்கு மேல் என்று மட்டும்தான் தெரியும். மூன்றுக்கு மேல் என்பது நன்றாக நடக்கும் நிறுவனத்துக்கும் பொருந்தும், தள்ளாடும் நிறுவனத்துக்கும் பொருந்தும் என்றால் நீங்கள் எதையும் வெளியில் விடவில்லை. எழுதும் ஒவ்வொரு எண்ணையும், ஏற்கனவே வெளியில் இருக்கும் எண்களோடு வைத்துப் பெருக்கி வகுத்துப் பாருங்கள். விடையைப் பார்த்து உங்கள் பழைய முதலாளி முகம் சுளிப்பார் என்றால் இடைவெளி இன்னும் அகலமாக வேண்டும். குறைத்துச் சொல்வதும் பொய்தானே என்று கேட்காதீர்கள். 'மேல்' என்பது அடிவரம்பு. உண்மை அதற்கு மேலே இருக்கிறது, உங்களுக்குச் சேராத புகழ் எதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. 'ஒரு கோடி வரை' என்பதுதான் ஏமாற்று. பூஜ்யத்துக்கும் அது பொருந்தும்; ஆனால் படிப்பவர் மனதில் நிற்பது கோடி.

செலவு விஷயத்தில் எனக்கு வேறு சந்தேகம். நீங்கள் இருந்த அதே காலத்தில் மற்ற இரண்டு மையங்களிலும் செலவு குறைந்ததா? நிறுவனம் மூன்றுக்கும் சேர்த்து வாங்கிய இயந்திரத்தாலோ புது மென்பொருளாலோ அங்கேயும் குறைந்திருந்தால், அதையும் மிஞ்சி உங்கள் மையத்தில் குறைந்தது மட்டுமே உங்களுடையது. அது என்ன செலவு, மொத்தமா ஒரு பார்சலுக்கா? வந்த பார்சலே குறைந்திருந்தால் மொத்தச் செலவு தானாகக் குறையும், அதற்குத் தலைவி தேவையில்லை. கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதில் தெரிந்தாலும் 'பாதி'யை எடுத்துவிடுங்கள், ஒப்பந்தத்தில் செலவும் சேர்ந்துதானே இருக்கிறது. 'இத்தனை கோடி மிச்சப்படுத்தினார்' என்று தொகையை மட்டும் போடலாமா என்று யோசித்தால் அதையும் விடுங்கள். பாதி என்று ஓரிடத்திலும் 2 கோடி என்று இன்னோரிடத்திலும் நீங்கள் சொல்லியிருந்தால், முன்பு 4 கோடி, இப்போது 2 கோடி என்று இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க ஆள் இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் பாவமாக இருக்கும் எண்கள்தான் சேர்ந்தால் காட்டிக்கொடுக்கும்.

இதை இப்படி எழுதலாம்:

'ஒரு பெரிய பார்சல் நிறுவனத்தின் மூன்று திரும்பல் மையங்களில் ஒன்றை நான்கு ஆண்டுகள் நடத்தியவர். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பார்சல்கள் வந்துசேர்ந்த அந்த மையத்தில், ஒவ்வொன்றையும் பிரித்து, சோதித்து, மறுவிற்பனைக்கோ பழுதுநீக்கத்துக்கோ கழிவுக்கோ அனுப்பும் முடிவுகள் இவர் பொறுப்பில் இருந்தன. ஒரு பார்சலைக் கையாளும் செலவைக் குறைக்கும் பணியை இவரது குழு மேற்கொண்டது.'

இதில் எண் என்று மூன்றுதான்: மூன்று மையம், நான்கு ஆண்டு, பத்து லட்சம். மையங்களின் எண்ணிக்கை ஊருக்கே தெரியும், ஆண்டுகள் உங்கள் வாழ்க்கை, பத்து லட்சம் அடிவரம்பு. வேலையின் கனம் எண்ணில் வரவில்லை, பிரித்து, சோதித்து, எங்கே அனுப்புவது என்று முடிவெடுத்ததில் வருகிறது. தொழில் தெரிந்தவர் கருத்தரங்கில் தேடிப் படிப்பதும் அந்த வாக்கியத்தைத்தான். எத்தனை பேர் உங்களுக்குக் கீழே வேலை பார்த்தார்கள் என்பதையும் சேர்க்கலாம், அதுவும் ஒப்பந்தத்துக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு.

இந்த வாசகத்தையும் அப்படியே பழைய நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். 'எண்கள் போடலாமா?' என்று பொதுவாகக் கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். அது அவர்களுக்குச் சுலபம். 'இந்த மூன்று வாக்கியங்களில் ஆட்சேபம் உண்டா?' என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்ன சம்மதத்தை நம்ப வேண்டாம். வேலையை விட்டாயிற்றே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். ரகசியக் காப்புப் பிரிவு பெரும்பாலும் விலகிய பிறகும் தொடரும்படிதான் எழுதப்பட்டிருக்கும். நிறுவனம் பங்குச் சந்தையில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், வெளியிடாத எண் வாயில் வருவது சட்டச் சிக்கலாகவே ஆகலாம்.

அப்புறம், மேடையில் அறிமுகம் செய்கிறவர். நீங்கள் 'பத்து லட்சத்துக்கு மேல்' என்று கொடுத்தால் அவர் உற்சாகத்தில் 'கோடிக்கணக்கில்' என்று வாசிப்பார், நான் பலமுறை பார்த்தது. குறிப்பின் கீழே 'எண்களை மாற்றாமல் வாசிக்கவும்' என்று எழுதிக் கொடுங்கள். மாற்றி வாசித்துவிட்டால் மைக் கைக்கு வந்ததும் முதல் வேலையாகத் திருத்துங்கள். சங்கடமாக இருந்தாலும் பரவாயில்லை. கேள்வி நேரத்தில் யாராவது சரியான எண் கேட்டால், 'அது நிறுவனத்தின் எண், அவர்களைக் கேளுங்கள்' என்று சொன்னால் போதும்.

நிறுவனத்திடமிருந்து பதில் வந்ததும் குறிப்பை ஒரு தாளில் அச்செடுத்து அப்பாவிடம் கொடுங்கள். வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு, "நீ அன்றைக்குச் சொன்ன எண் எங்கே?" என்பார். அதற்கு மழுப்பாதீர்கள். "அது மூன்று மையத்துக்கும் சேர்த்து, அப்பா. அதில் என்னுடையது ஒன்றுதான். அதையும் நான் வீட்டில் சொல்லியிருக்கக்கூடாது. இனி யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். இருக்கட்டும், பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.