தண்ணி முத்தா ஓடுனா கல்லு ரெடின்னு யார் சொன்னா?

கேள்வி: இரும்பு தோசைக்கல்லு, நல்லா காய வச்சு தண்ணி தெளிச்சா முத்து முத்தா உருண்டு ஓடுது, ஹோட்டல் மாதிரி இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தி துடைச்சுட்டுதான் மாவு ஊத்துறேன், ஆனா முதல் தோசை மட்டும் தினமும் பிய்ஞ்சு வருது, மாவுல கோளாறா சார்?
- ஒரு வாசகி, காட்பாடி

பதில்: மாவு பாவம்மா, அதை விட்ருங்க. ரெண்டாவது தோசை ஒழுங்கா வருதுல்ல, அதே மாவுதானே அது?

தண்ணி முத்தா ஓடுதுன்னா கல்லு ரெடின்னு அர்த்தம் இல்ல, தோசைக்கு வேணுங்கிறதை தாண்டி காஞ்சு போச்சுன்னு அர்த்தம். தண்ணி 100 டிகிரியில கொதிக்கும், ஆனா கல்லு கிட்டத்தட்ட 200 டிகிரிக்கு போயிட்டா சொட்டுக்கு அடியில உடனே ஆவி கிளம்பி மெத்தை மாதிரி தாங்கிக்கும், அதனாலதான் சொட்டு கல்லை தொடாமலே உருண்டு ஓடுது. அந்த சூட்டுல மாவு ஊத்துனா விழுந்த எடத்துலயே வெந்து கெட்டியாயிடும், கரண்டியை சுத்துனா மாவு கரண்டியோட சுருட்டிக்கிட்டு வரும், தடவுன எண்ணெயும் புகைஞ்சே போயிருக்கும். நமக்கு வேண்டியது என்னன்னா, நாலு சொட்டு தெளிச்சா 'சொய்ங்'னு சத்தம் போட்டு ரெண்டு மூணு செகண்டுல அங்கயே காணாம போகணும், ஓடக் கூடாது.

அடுத்தது அந்த ஹோட்டல் தண்ணி. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் காலையில நின்னு பாருங்க, மாஸ்டர் ஒரு சொம்பு தண்ணியை வீசி துடைப்பத்தால ஒரு இழுப்பு இழுத்துட்டு உடனே மாவு ஊத்துவாரு. அவர் கல்லு தடியான பெரிய பலகை, விடியலிலேர்ந்து எரியுது, ஒரு சொம்பு தண்ணியெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. உங்க கல்லு மெல்லிசு, அரை டம்ளர் ஊத்துனா மேல்புறம் சட்டுனு ஆறிடும். ஆறுன கல்லுல மாவு மேல்தோல் கட்டாது, கஞ்சி மாதிரி இரும்போட சின்னச் சின்ன பள்ளத்துல போயி உக்காந்துக்கும், அப்புறம் பசை போட்ட மாதிரிதான். ஆக நீங்க முதல்ல அளவுக்கு மேல காய வச்சீங்க, அப்புறம் அளவுக்கு மேல ஆற வச்சீங்க, நடுவுல சரியான சூடு வந்துட்டு போனதை பாக்கவே இல்ல.

இதுல இன்னொண்ணும் இருக்கு. வீட்டு பர்னர் தீ ஒரு சின்ன வளையம்தான், இரும்புல சூடு பரவ நேரம் ஆகும், பெரிய தீ வச்சு ரெண்டு நிமிஷத்துல காய வச்சா நடு கொதிக்கும், ஓரம் வெதுவெதுன்னுதான் இருக்கும். நடுவுல ஒரு சொட்டு, ஓரத்துல ஒரு சொட்டு விட்டு பாருங்க, வித்தியாசம் காதுலயே கேக்கும். முதல் தோசை வேகுற நேரத்துலதான் ஓரத்துக்கு சூடு போய் சேருது, எண்ணெயும் கல்லுல ஊறுது, அந்த புண்ணியத்துலதான் ரெண்டாவது நல்லா வருது.

நாளைக்கு இப்படி செய்யுங்க. மாவு பிரிட்ஜ்ல இருந்தா அரை மணி முன்னாடியே வெளிய எடுத்துடுங்க (சித்திரை வெயில்ல அதுக்கு மேல விடாதீங்க, நம்ம ஊருல பொங்கி வழிஞ்சுடும்). மிதமான தீயில அஞ்சாறு நிமிஷம் கல்லை காய வைங்க. பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில தொட்டு ஓரம் வரைக்கும் தேய்ங்க, எண்ணெய் மினுக்குனா போதும், தேங்கி நின்னா மாவு பரவாம வழுக்கும். நாலு சொட்டு தெளிச்சு சத்தம் கேட்டு, துணியால துடைச்சு, தீயை சிம்முக்கு கொண்டு வந்து மாவை ஊத்தி மெல்லிசா இழுங்க. இழுத்து முடிச்ச உடனே தீயை ஏத்துங்க, சுத்தி எண்ணெய் விடுங்க, மூடி போடாதீங்க, ஆவி வெளிய போனாதான் முறுகும். கடைசி வரைக்கும் சிம்முலயே விட்டா வறட்டியா ஆயிடும்.

அப்புறம் கை வைக்காம இருங்க, அதுதான் நம்மளால முடியாத வேலை! அடி சிவந்து காஞ்ச உடனே ஓரம் தானா கிளம்பி நிக்கும், அதுக்கு முன்னாடி தோசைத்திருப்பியை விட்டு நோண்டுனா பியாம என்ன பண்ணும்.

இவ்வளவு பண்ணியும் ஒட்டுதுன்னா ராத்திரி அதே கல்லுல சப்பாத்தி போட்டீங்களான்னு யோசிச்சு பாருங்க. எண்ணெய் இல்லாம காயுற கல்லுல பழகுன எண்ணெய் பூச்சு கருகிப் போயிடும். எங்க வீட்டுக்கு வந்த சொந்தக்காரம்மா ஒருத்தங்க உதவி பண்றேன்னு என் கல்லை கம்பி நார் போட்டு பளபளன்னு தேச்சு வச்சுட்டு போனாங்க, ஒரு வாரம் நாங்க தோசைன்னு சாப்பிட்டதெல்லாம் சுரண்டல்தான். தினமும் எண்ணெய் தடவி வச்சு, முதல்ல ஒரு குட்டி ஊத்தப்பம் தாராள எண்ணெயில போட்டு எடுத்து எடுத்துத்தான் கல்லு மறுபடி வழிக்கு வந்துச்சு.