இருட்டியதும் ஃபோன் அணைகிறது: தவறு ஃபோனில் இல்லை

கேள்வி: தேக்காவில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் கொடுக்கும் 8 போர்ட் பிஓஇ சுவிட்ச். முதல் போர்ட்டில் வைஃபை கருவி, 2 முதல் 6 வரை கேமராக்கள், 7, 8இல் இரண்டு ஃபோன்கள். பகலில் ஒரு பிரச்சினையும் இல்லை. இரவு ஏழு மணி தாண்டினால் இரண்டு ஃபோன்களும் அணைந்து அணைந்து எழுகின்றன. ஃபோனை மாற்றிப் பார்த்தோம், கேபிளை மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. பெட்டியில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 30 வாட் என்று போட்டிருக்கிறதே?

பதில்: பெட்டியில் இருக்கும் 30 வாட், ஒரு போர்ட் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கும் என்பதற்கான அளவு. எட்டுப் போர்ட்டும் ஒரே நேரத்தில் அவ்வளவு கொடுக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. எட்டுக் குழாய்க்கும் தொட்டி ஒன்றுதான். அந்தத் தொட்டியின் கொள்ளளவு சுவிட்சின் அடிப்பக்கத்து ஒட்டுத்தாளிலோ நிர்வாகப் பக்கத்திலோ `PoE Budget` அல்லது `Total PoE Power` என்று இருக்கும். இந்த அளவு சுவிட்சுகளில் 60 வாட்டை ஒட்டி இருப்பது சாதாரணம். உங்களுடையதும் 60 என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

பகலில் ஒரு சிறிய கேமரா சுமார் 4.5 வாட் இழுக்கும். ஐந்துக்கும் 22.5. வைஃபை கருவிக்கு 12, ஃபோனுக்கு 3.5 வீதம் 7. மொத்தம் 41.5 வாட், தாராளமாக அடங்கிவிடும். இருட்டியதும் கேமராக்களின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. அந்த விளக்குகள் எரியும்போது அதே கேமரா 9 வாட் வரை போகும். ஐந்துக்கும் 45. அதோடு 12, 7 சேர்ந்தால் 64. சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கச் சூரியன் 7 மணியை ஒட்டியே மறைகிறது. அதனால்தான் உங்கள் கடையில் பிரச்சினை தினமும் கடிகாரம் பார்த்து வருவதுபோல் வருகிறது.

64 வாட் தேவைப்படும்போது கையில் 60தான் இருக்கிறது. சுவிட்ச் யாரையாவது வெட்டியாக வேண்டும். முன்னுரிமை எதுவும் அமைக்கவில்லை என்றால் பெரும்பாலான சுவிட்சுகள் பெரிய எண் கொண்ட போர்ட்டைத்தான் முதலில் வெட்டும். 8ஆம் போர்ட் போனாலும் 60.5 ஆகிறது, இன்னும் அதிகம். 7ஆம் போர்ட்டும் போகும், 57இல் நிற்கும். இப்போது சுவிட்ச் 8ஆம் போர்ட்டை மறுபடி பார்க்கும்: கருவி இருக்கிறது, 3 வாட் மீதம் இருக்கிறது, கொடுக்கலாம். ஃபோன் எழத் தொடங்கும்போது 2 வாட் போதும், மொத்தம் 59. திரை வெளிச்சமாகி ஃபோன் முழுதாக எழுந்ததும் 3.5, மொத்தம் 60.5. மறுபடி வெட்டு. விடியும்வரை இந்தச் சுற்று ஓயாது. கூடுதல் வாட் இழுப்பது கேமரா, அடி வாங்குவது ஃபோன். ஃபோனை மாற்றியும் கேபிளை மாற்றியும் பயனில்லாமல் போனது இதனால்தான்.

இதை உறுதி செய்ய இரவு வரை காத்திருக்க வேண்டாம். பட்டப்பகலில் கேமராவின் அமைப்பில் பகல்/இரவு நிலையை இரவு என்று மாற்றுங்கள். அப்படி ஒரு தேர்வு இல்லையென்றால் கேமரா முகப்பைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். ஒவ்வொரு கேமராவாகச் செய்துகொண்டே சுவிட்சின் பிஓஇ பக்கத்தில் மொத்த வாட்டைப் பாருங்கள். நான்காவது கேமராவில் 59.5, ஐந்தாவதில் ஃபோன் அணைகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். கட்டளை மூலம் பார்க்கும் சிஸ்கோ சுவிட்ச் என்றால்:

```
show power inline
```

இதில் `Available`, `Used`, `Remaining` மூன்றும் மேலேயே வரும். வாட் கிடைக்காத போர்ட்டுக்கு நேராக `power-deny` என்று இருக்கும்.

நிர்வாகப் பக்கமே இல்லாத சுவிட்ச் என்றால் 2ஆம் போர்ட்டின் கேமராவையும் 8ஆம் போர்ட்டின் ஃபோனையும் இடம் மாற்றிச் சொருகுங்கள். இரவில் ஃபோன் நன்றாக இருந்து, 8க்கு வந்த கேமரா அணைந்து எழுந்தால் வாட் பற்றாக்குறைதான். எந்தப் போர்ட்டுக்குப் போனாலும் அதே கருவிதான் அணைகிறது என்றால் கேபிளையோ கருவியையோ பார்க்க வேண்டும். சுவிட்சின் எல்லா விளக்கும் ஒருசேர அணைந்து எரிந்தால் அடாப்டர் தாக்குப்பிடிக்கவில்லை. அதன் ஒட்டுத்தாளில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள்: 54 வோல்ட், 1.2 ஆம்பியர் என்றால் 64.8 வாட். சுவிட்ச் தனக்கு எடுத்துக்கொள்வது போக மீதிதான் போர்ட்டுகளுக்கு. பழைய அடாப்டர் பழுதாகி, சொருகி ஒன்றாக இருக்கிறதே என்று வேறொன்றைப் போட்டிருந்தால் இங்கேதான் கோளாறு. 48 வோல்ட் அடாப்டரும் 15.4 வாட் வகைக்குச் சரி, 30 வாட் வகைக்கு ஆகாது. அதற்குப் போர்ட்டில் குறைந்தது 50 வோல்ட் வேண்டும்.

இனி தீர்வு. முதலில் ஒரு எச்சரிக்கை: பலரும் ஃபோன் போர்ட்டுக்கு முன்னுரிமையை `Critical` என்று மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். முன்னுரிமை யாரை வெட்டுவது என்பதைத்தான் மாற்றும், வாட்டைக் கூட்டாது. ஃபோன்கள் தப்பினால் 6ஆம் போர்ட் கேமரா போகும். 64இல் 9 போனால் 55. அது விளக்கில்லாமல் எழுந்தால் 59.5, அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் 64, மறுபடி வெட்டு. பதிவுக் கருவியில் அந்தக் கேமராவுக்கு மட்டும் இரவு முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஆனாலும் இந்த மாற்றத்தைச் செய்துவையுங்கள். ராத்திரியில் 995ஐ அழைக்க வேண்டிய நேரத்தில் ஃபோன் எழுந்துகொண்டிருக்கக் கூடாது.

மலிவான உண்மைத் தீர்வு, வைஃபை கருவியைச் சுவிட்சின் மின்சாரத்திலிருந்து விலக்குவது. சிம் லிம் ஸ்குவேரில் 802.3at என்று போட்ட 30 வாட் இன்ஜெக்டர் ஒன்று வாங்குங்கள், தனி மின்சாரத்தைக் கேபிளில் ஏற்றித் தரும் சிறு பெட்டி அது. சுவிட்சிலிருந்து வரும் கேபிளை அதன் `LAN` துளையிலும், வைஃபை கருவிக்குப் போகும் கேபிளை `PoE` துளையிலும் சொருக வேண்டும். இரவு மொத்தம் 64இலிருந்து 52 ஆகிவிடும், 8 வாட் கைவசம் இருக்கும். 24 வோல்ட் `Passive` வகையை மட்டும் வாங்கிவிடாதீர்கள். எதிரில் என்ன கருவி என்று கேட்காமலே மின்சாரம் அனுப்பும் வகை அது. உங்கள் வைஃபை கருவியை இயக்கவும் இயக்காது, பொருந்தாத கருவியில் சொருகினால் அது எரிந்தும் போகலாம்.

மேலும் கேமரா சேர்க்கும் எண்ணம் இருந்தால் இன்ஜெக்டரில் காசு போடாமல் 120 வாட் பட்ஜெட்டும் கூடுதல் போர்ட்டுகளும் உள்ள சுவிட்சுக்கே போய்விடலாம். அப்போது ஒன்றைக் கவனியுங்கள். சில சுவிட்சுகள் கருவி இழுக்கும் வாட்டைப் பார்க்காமல், அதன் மின்தேவை வகுப்புக்கு உரிய அதிகபட்ச வாட்டை முழுதாக ஒதுக்கிவைக்கும். மூன்றாம் வகுப்புக் கேமரா 4.5 இழுத்தாலும் 15.4 போய்விடும். ஐந்துக்கு 77. இரண்டாம் வகுப்பு ஃபோனுக்கு 7 வீதம் 14. நான்காம் வகுப்பு வைஃபை கருவிக்கு 30. மொத்தம் 121, ஒரு வாட் இடிக்கும். அப்படிப்பட்ட சுவிட்சில் கடைசிக் கருவி அணைந்து எழாது, முதலிலிருந்தே எழாமல் கிடக்கும். நிர்வாகப் பக்கத்தில் ஒதுக்கும் முறையை `Class` என்பதிலிருந்து `Usage` அல்லது `Dynamic` என்று மாற்றினால் அதே 120 வாட்டில் இன்னும் நான்கு கேமராவைக்கூடச் சேர்க்கலாம்: 64 உடன் 36, இரவிலும் 100தான்.